வார்டனுக்கு எழுதிய மூன்று மெசேஜ்கள்

போன வாரம் அக்கா மகள் ஒரு மெசேஜை எனக்கு அனுப்பி, "மாமா, வார்டன் மேடத்துக்கு இதை அனுப்பலாமா? மரியாதையா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று கேட்டாள். ஹாஸ்டல் அறையில் ஜன்னல் கொக்கி உடைந்து பதினொரு நாள் ஆகியிருக்கிறது. ரிஜிஸ்டரில் எழுதியும் யாரும் வரவில்லை. மெசேஜில் எட்டு வரி இருந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வணக்கம், மூன்று 'தயவுசெய்து', ஒரு 'தாழ்மையுடன்', கடைசியில் கும்பிடும் கை. அறை எண் இல்லை. ஜன்னல் என்ற சொல்லும் இல்லை. 'எங்கள் அறையில் உள்ள சிறு பிரச்சினை' என்றுதான் இருந்தது.

அதைப் படித்ததும் சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஏனென்றால் இதே மெசேஜை நானும் எழுதியிருக்கிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஏறக்குறைய இதே சொற்களில், இதே வரிசையில். நான் எழுதியது என் பழைய போனில் அப்படியே கிடக்கிறது. தேடி எடுத்தேன். அன்றிலிருந்து அந்த விஷயம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, எழுதிவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அறை 207. குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில், சீலிங்கில் ஓதம் அடிக்க ஆரம்பித்தது. முதலில் பழுப்பாக ஒரு கறை. பிறகு பெயிண்ட் பொரிப் பொரியாகக் கிளம்பியது. ஒருநாள் காலையில் என் கட்டிலின் கால்மாட்டில் சொட்டு விழுந்தது. அதே வாரம் அந்த மூலையில் இருந்த ட்யூப் லைட்டும் எரியாமல் போனது. ஜூலை 4-ஆம் தேதி ரூம்மேட் போய் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு வந்தான். '207 – லைட் எரியவில்லை, சீலிங்கில் தண்ணீர் ஒழுகுகிறது.' வரிசை எண் 61. அந்த ஒரு வரியில்தான் எல்லா வினையும் இருந்தது, ஆனால் அது தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 12-ஆம் தேதி இரவு வார்டனுக்கு எழுதினேன். அப்படியே தருகிறேன்.

"வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கவும். நீங்கள் மிகவும் பிஸியாக இருப்பீர்கள் என்று தெரியும். எங்கள் அறையில் ஒரு சின்னப் பிரச்சினை. ஏற்கெனவே ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறோம். இன்னும் சரி செய்யப்படவில்லை. தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது தயவுசெய்து கொஞ்சம் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நன்றி சார்."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஓகே.'

அந்த 'ஓகே'வை நானும் ரூம்மேட்டும் எத்தனை விதமாக ஆராய்ந்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாளைக்கே ஆள் வருவார் என்றேன் நான். படித்துவிட்டேன், போய்ப் படு என்று அர்த்தம் என்றான் அவன். இரண்டுமே தப்பு. இப்போது திரும்பப் படிக்கும்போது, அந்த மெசேஜுக்கு 'ஓகே' தவிர வேறு என்ன பதில் எழுத முடியும் என்று புரியவில்லை. யார் எழுதியது என்று இல்லை, எந்த அறை என்று இல்லை, என்ன கோளாறு, எப்போது எழுதியது, எதுவும் இல்லை. அவர் போனில் என் எண் பெயரோடு பதிவாகியிருக்கவும் வாய்ப்பில்லை. யாரோ ஒரு பையன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறான். சரி, மன்னித்தாயிற்று.

நாங்களே அதைச் 'சின்னப் பிரச்சினை' என்று வேறு சொல்லியிருந்தோம். சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது எந்த ஊர்க் கணக்கில் சின்னப் பிரச்சினை? பெரிய பிரச்சினை என்று எழுதினால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்குமே என்ற பயம். அவர் எங்கள் வார்த்தையை நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

விடுப்புக் கடிதத்திலிருந்து வந்த பழக்கம்

நாம் எல்லோரும் பள்ளியில் கற்றுக்கொண்ட முதல் கடிதம் விடுப்புக் கடிதம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள், தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. இந்த அச்சு யாருக்கும் மறப்பதில்லை. ஆனால் காகிதத்திலிருந்து போனுக்கு மாறியபோது அந்த அச்சின் பாதியைத்தான் கொண்டுவந்தோம். 'அனுப்புநர்' என்ற இடத்தில் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதுவோம். 'பொருள்' என்ற ஒரே வரியில் விஷயம் முழுக்க அடங்கிவிடும். தேதியும் போடுவோம். காரியத்துக்கு உதவுகிற பகுதிகள் இவைதான். போனில் எழுதும்போது இவை மூன்றையும் விட்டுவிட்டோம். தாழ்மையை மட்டும் பத்திரமாக எடுத்துவந்தோம்.

தமிழில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நமக்கு விவரமாகப் பேசுவதே அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். பெரியவரிடம் தேதி சொல்லிப் பேசினால் கணக்குக் கேட்பது போல ஆகிவிடும். அக்கா மகளிடம் "அறை எண், எழுதிய தேதி, என்ன உடைந்தது என்று போடு" என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இவ்வளவு எழுதினா திமிரா தெரியாதா மாமா?" நியாயமான பயம். 'நான் 4-ஆம் தேதியே எழுதிவிட்டேன்' என்பதில் அந்த ஏகாரம் ஒன்று போதும், வார்டனுக்கு முகம் சிவக்க. ஆனால் அந்தத் திமிர் இருப்பது ஏகாரத்தில்தான், தேதியில் இல்லை. '4-ஆம் தேதி எழுதினோம்' என்றால் அது வெறும் தகவல்.

என் முதல் மெசேஜில் உண்மையாகவே குத்துகிற சொல் ஒன்று இருந்தது. எழுதும்போது நான் கவனிக்கவில்லை. 'இன்னும்'. 'இன்னும் சரி செய்யப்படவில்லை' என்ற வாக்கியத்தில் யார் செய்யவில்லை என்று சொல்லாமல் மறைத்துவிட்டதாக நினைத்தேன். படிப்பவர் அந்தக் காலியிடத்தில் தன்னைத்தான் வைத்துப் பார்ப்பார். ஆக, ஏழு வரி குனிந்து நின்றுவிட்டு நடுவில் ஒரு கிள்ளு. இதற்கு, 'கசிவு மட்டும் பாக்கி' என்று எழுதியிருந்தால் யாருக்கும் வலிக்காது. பாக்கி என்பது வேலையின் நிலையைச் சொல்கிற சொல். யாரையும் கைகாட்டாது.

ரிஜிஸ்டரைத் திறந்த நாள்

19-ஆம் தேதி இரண்டாவது மெசேஜ் அனுப்பினேன். 'சார், ஒரு சின்ன ரிமைண்டர்.' அவ்வளவுதான் அது. இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதற்குள் சொட்டு விழும் இடத்தில் ஒரு வாளி நிரந்தரமாகிவிட்டது. ராத்திரி நடந்தால் காலில் இடித்துக்கொள்வோம்.

ரூம்மேட் கோபக்காரன். அவனே ஒரு வரைவு தயார் செய்தான். 'மூணு வாரமாச்சு, யாரும் கண்டுக்கல, இதுதான் நீங்க ஹாஸ்டல் நடத்துற லட்சணமா' என்கிற ரீதியில். அதோடு மேலிடத்துக்கும் ஒரு நகல். அனுப்பவிடாமல் போனைப் பிடுங்கி வைத்தேன். அது நல்ல பிள்ளைத்தனத்தால் அல்ல. வார்டனுக்குக் கோபம் வந்தால் வாளி இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கும் என்ற கணக்குத்தான். மேலிடத்துக்கு எழுதுவதே கூடாது என்று சொல்லமாட்டேன். எழுதவேண்டிய நேரம் வரும். ஆனால் வேலை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மேலே போனால், மேலே இருப்பவர் கேட்கும் முதல் கேள்விக்கே நம்மிடம் பதில் இருக்காது.

25-ஆம் தேதி, திங்கட்கிழமை. பார்சல் வாங்க அலுவலக அறைக்குப் போயிருந்தேன். கேர்டேக்கர் அண்ணன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் ரிஜிஸ்டர் விரித்துக் கிடந்தது. பொழுதுபோகாமல் பக்கத்தைப் புரட்டினேன். 61-ஆம் எண். எங்கள் வரி. அதற்கு நேரே கடைசிக் கட்டத்தில் பச்சை மையில் 'முடிந்தது, 6/7' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கையெழுத்து. என் ரூம்மேட்டின் கையெழுத்து!

கேர்டேக்கர் போனை வைத்ததும் கேட்டேன். "அதான் முடிஞ்சுதுல்ல தம்பி, எலக்ட்ரீஷியன் வந்து லைட் மாத்திட்டாரே. உங்க ரூம் பையன்தான் கையெழுத்துப் போட்டான்" என்றார். வந்தவர் எலக்ட்ரீஷியன். அவர் வேலை லைட். ட்யூப்பை மாற்றினார், எரிந்தது, காகிதத்தை நீட்டினார். காலை வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். தண்ணீரைப் பற்றி எலக்ட்ரீஷியன் பிளம்பரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ரிஜிஸ்டரில் ஒரு வரிக்கு ஒரு கட்டம்தான். கட்டம் நிரம்பிவிட்டது.

அங்கேயே அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக நாங்கள் 'பெண்டிங்' என்று சொல்லிக்கொண்டிருந்த வேலை, அலுவலகத்தின் கணக்கில் பெண்டிங்கே இல்லை. இரண்டாவது நாளே முடிந்த வேலை. வார்டன் என் மெசேஜைப் பார்த்துவிட்டுக் கேர்டேக்கரைக் கேட்டாரோ இல்லையோ தெரியாது. கேட்டிருந்தால் 'முடிஞ்சிருச்சு சார்' என்றுதான் பதில் வந்திருக்கும், அது பொய்யும் இல்லை. அதற்கு மேல் நான் எத்தனை முறை 'ரிமைண்டர்' அனுப்பினாலும், முடிந்த வேலைக்கு ஏன் இந்தப் பையன் திரும்பத் திரும்ப எழுதுகிறான் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

கடைசி வருடம் நான் விடுதிக் குழுவில் மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். அப்போது அந்த ரிஜிஸ்டரை மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவேண்டியிருந்தது. நாங்கள் சிக்கிய பள்ளத்தில் பாதிப் பேர் சிக்கியிருந்தார்கள். இரண்டு குறையை ஒரே வரியில் எழுதி ஒன்று மட்டும் சரியானவை ஒரு வகை. அதைவிட அதிகம், 'அறை பூட்டியிருந்தது' என்று குறிப்பு விழுந்தவை. பிளம்பர் காலை பத்து மணிக்கு மேல் வருவார், அந்நேரம் எல்லோரும் வகுப்பில். இரண்டு முறை பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால், மூன்றாவது முறை அந்த அறை அவர் சுற்றில் வராது. அறைக்காரன் யாருமே வரவில்லை என்று சத்தியம் செய்வான். இரண்டு பக்கமும் உண்மைதான். அதனால் சொல்கிறேன், வார்டனுக்கு எழுதுமுன் ரிஜிஸ்டரில் உங்கள் வரிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். இணையத்தில் புகார் பதியும் விடுதி என்றால் 'நிலை' என்ற இடத்தில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 'முடிந்தது' என்று அங்கே இருக்கும்போது நினைவூட்டி என்ன பயன்?

வார்டனால் மட்டும் முடிகிற காரியம்

அன்று கேர்டேக்கரோடு நான் இன்னும் கால் மணி நேரம் பேசினேன். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பிளம்பரை இன்றே அனுப்பலாமா என்றேன். அனுப்பலாம், ஆனால் அவர் உங்கள் அறைக்கு வந்து என்ன செய்வார், தண்ணீர் மேலே 307-இன் குளியலறையிலிருந்து வருகிறது, அதை உடைத்துப் பார்க்கவேண்டும், உடைத்தால் இரண்டு நாளாவது மூடவேண்டும், மூடினால் மேலே இருக்கிற மூன்று பேரும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்றார். "வார்டன் சார் ஒரு வார்த்தை சொன்னா நான் பூட்டுப் போட்டுருவேன். நானா செய்ய முடியாது தம்பி."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெரும்பாலான விடுதிகளில் வார்டன் என்பவர் ஒரு ஆசிரியர். பாடம் எடுப்பதோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறார். ஸ்பேனர் அவர் கையில் இல்லை. 'கொஞ்சம் பாருங்கள் சார்' என்றால் அவர் எதைப் பார்ப்பார்? அவரால் செய்ய முடிவது ஒன்றே ஒன்று. 307-இன் குளியலறையை எந்த நாளில் மூடலாம் என்று சொல்வது. அதை வேறு யாரும் சொல்ல முடியாது. அதை நாங்கள் கேட்கவே இல்லை.

ஓதம் பற்றி ரூம்மேட்டுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தது, அவன் அப்பா கட்டட வேலை பார்ப்பவர். ஜூலை 10-ஆம் தேதி, சும்மா, கட்டில் மேல் ஏறி நின்று ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்திருந்தான். 17-ஆம் தேதி இன்னொரு கோடு, 24-ஆம் தேதி மூன்றாவது. ஏரி வற்றின கரை மாதிரி ஒன்றை ஒன்று சுற்றி மூன்று வளைவு. முதல் கோடு சுவரிலிருந்து 30 செ.மீ., மூன்றாவது 70. இன்னொன்றும் அவன் கவனித்திருந்தான். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை சொட்டு வேகமாகிறது, சாயங்காலத்துக்குள் நின்றுவிடுகிறது. அதாவது மேலே குளிக்கும் நேரத்தில்.

பிளம்பருக்கு இது பாதி வேலை மிச்சம். தண்ணீர் வருகிற குழாய், அதாவது டேங்கிலிருந்து இறங்குகிற குழாய், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். அது கசிந்தால் ராத்திரி பகல் என்று பார்க்காமல் கசிந்துகொண்டே இருக்கும். வெளியேறுகிற குழாயிலோ யாராவது தண்ணீர் ஊற்றினால்தான் தண்ணீர் ஓடும், அப்போதுதான் கசியும். மழை பெய்தால் மட்டும் நனைகிறது என்றால் மொட்டை மாடியையோ வெளிச்சுவரையோ பார்க்கவேண்டும். கான்கிரீட் உறிஞ்சி விடுவதால் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், நம் கணிப்பு தப்பவும் செய்யும். அதனால் 'வெளியேறும் குழாயில்தான் ஓட்டை' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. எப்போது நனைகிறது என்பதை மட்டும் எழுதினால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

மறுநாள், 26-ஆம் தேதி காலை, கசிவை மட்டும் தனி வரியாக ரிஜிஸ்டரில் எழுதினேன். எண் 88. அப்புறம் மூன்றாவது மெசேஜ்.

"வணக்கம் சார். நான் 207-ஆம் அறை, இரண்டாம் ஆண்டு (பெயர் எழுதியிருந்தேன்).

ஜூலை 4 அன்று ரிஜிஸ்டரில் 61-ஆம் எண்ணில் இரண்டு குறைகளை ஒரே வரியில் எழுதியிருந்தோம். லைட்டை 6-ஆம் தேதி மாற்றிவிட்டார்கள், நன்றி. சீலிங் கசிவு மட்டும் பாக்கி. நாங்கள் ஒரே வரியில் எழுதியதால் இரண்டும் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கசிவை இன்று 88-ஆம் எண்ணில் தனியாக எழுதியிருக்கிறேன்.

காலை 7 முதல் 9 வரை சொட்டுகிறது, மாலைக்குள் நிற்கிறது. ஈரம் ஜூலை 10-இல் 30 செ.மீ., 24-இல் 70 செ.மீ. ட்யூப் லைட்டிலிருந்து ஒரு சாண் தூரம்தான் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

மேலே 307-இன் குளியலறையை இரண்டு நாள் மூடினால் பிளம்பர் பார்க்க முடியும், அதற்கு உங்கள் அனுமதி வேண்டும் என்று தெரிந்தது. எந்த நாளில் மூடலாம் என்று சொல்ல முடியுமா சார்? எங்கள் சாவியைக் கேர்டேக்கரிடம் கொடுத்துவிட்டோம், நாங்கள் இல்லாதபோதும் திறந்து வேலை பார்க்கலாம்.

வியாழன் மாலை ஆபீஸுக்கு நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். நன்றி சார்."

இதில் 'மன்னிக்கவும்' இல்லை, 'தாழ்மை' இல்லை, 'தயவுசெய்து'கூட இல்லை. அனுப்பும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் இதைவிட மரியாதையாக அந்த வயதில் நான் எதையும் எழுதியதில்லை என்று இன்று தோன்றுகிறது. தப்பு எங்கள் பக்கம் என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டாயிற்று, அதுவும் உண்மையான தப்பு. அதனால் கேர்டேக்கரும் மாட்டவில்லை, பச்சை மையில் எழுதியவரும் மாட்டவில்லை. நடந்த வேலைக்கு நன்றி சொல்லியாயிற்று. 'பார்க்கவும்', 'சொல்லவும்' என்று முடித்திருந்தால் செருப்பைக் கழற்றவும் என்று பலகை வைத்த மாதிரி இருந்திருக்கும். 'சொல்ல முடியுமா சார்' என்பது கேள்வி. ஆனால் 'முடிந்தால் பாருங்கள்' போல நழுவவிடுகிற கேள்வி அல்ல. ஏதாவது ஒரு கிழமையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். முதல் மெசேஜில் அது வேண்டுகோள். இங்கே, நானே வந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், நீங்கள் பதில் எழுத மெனக்கெட வேண்டாம் என்ற அர்த்தம். வியாழன் என்று கிழமை போட்டதால், விடமாட்டேன் என்பதும் அதற்குள் இருக்கிறது. மிரட்டல் மாதிரி தெரியாது. நானாக இதை யோசித்து எழுதினேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசை, ஆனால் உண்மையில் தற்செயலாக வந்து விழுந்தது.

பதினைந்து நிமிடத்தில் பதில். 'சனி, ஞாயிறு மூடலாம். 307-க்கு நான் சொல்லிவிடுகிறேன்.' அன்று மதியமே கேர்டேக்கர் தன் போனைக் காட்டினார். என் மெசேஜ் ஒரு எழுத்து மாறாமல் அவருக்கு வந்திருந்தது, மேலே 'ஃபார்வர்ட்' என்ற அடையாளத்தோடு. அவர் அதைப் பிளம்பருக்கு அனுப்பியிருந்தார். நான் வார்டனுக்கு என்று எழுதியதைக் கடைசியில் படித்து வேலை செய்தவர் பிளம்பர். என் முதல் மெசேஜை யாருக்காவது ஃபார்வர்ட் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 'தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்' என்ற வரியை வைத்துக்கொண்டு பிளம்பர் என்ன செய்வார்?

வியாழக்கிழமை பிளம்பர் வந்தார். 307-இன் குளியலறைத் தரையில், தண்ணீர் இறங்கும் சல்லடையைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்தார். இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கிவிட்டு மதியம் வரை விட்டார். எங்கள் சீலிங்கில் மாற்றம் இல்லை. தரை உறிஞ்சவில்லை என்றார். அப்புறம் அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஓடவிட்டார். அரை மணி நேரத்துக்குள் எங்கள் வாளியில் சத்தம் கேட்டது. சல்லடைக்குக் கீழே இருக்கும் வளைவை அவர் நானி ட்ராப் என்றார். அது குழாயோடு சேரும் இடத்தில் விட்டுவிட்டது. சனிக்கிழமை நாலைந்து டைல்ஸை உடைத்து மாற்றினார்கள். இரண்டு நாள் என்றது நான்கு நாள் ஆனது, சிமெண்ட் காயவேண்டுமே. செவ்வாய் வரை 307-காரர்கள் மூன்று பேரும் எங்கள் குளியலறையில்தான் குளித்தார்கள், காலையில் வரிசை கட்டி, எங்களைத் திட்டிக்கொண்டே.

ஒன்று மட்டும் இடையில் சொல்லவேண்டும். நாங்கள் அந்த மூன்று வாரமும் ஈரத்துக்கு அடியில் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது மடத்தனம். ஹோல்டர் வழியாகவோ ஃபேன் குமிழ் வழியாகவோ தண்ணீர் இறங்கினால், லைட் மினுக்கினால், பிரேக்கர் அடிக்கடி விழுந்தால், அங்கே மெசேஜுக்கும் மரியாதைக்கும் வேலை இல்லை. அந்த ஸ்விட்சைத் தொடாமல், அறைக்கான மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு, எந்நேரமானாலும் போன் செய்யவேண்டும். அக்கா மகளிடமும் இதைத்தான் சொன்னேன். தரைத்தளத்தில் இருக்கிற அறையின் ஜன்னல் கொக்கி பதினொரு நாள் காத்திருக்கிற விஷயமில்லை, அதை எழுதிவிட்டுச் சும்மா இருக்காதே, இன்றே நேரில் போய் நில் என்று. அவள் போனாள். 'அறை பூட்டியிருந்தது' என்று இரண்டு முறை குறிப்பு இருந்ததாம்.

நன்றி சொல்லி வார்டனுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அனுப்பவில்லை. காரியம் ஆனதும் கை ஓயும் போலிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் மெஸ் வாசலில் அவரே எதிரில் வந்தார். நின்று என்னை ஒரு கணம் பார்த்தார்.

"207தானே? இப்ப ஒழுகுதா?"

"இல்ல சார். சுத்தமா நின்னுடுச்சு."

"லைட்?"

லைட் முந்தின நாள் இரவு போயிருந்தது. ஈரத்தில் ஹோல்டர் துருப்பிடித்திருந்ததை ட்யூப் மாற்றியவர் கவனிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தயங்கினேன்.

"அது… நேத்துப் போயிடுச்சு சார்."

"ரிஜிஸ்டர்ல எழுது," என்று நடந்தவர், இரண்டடி போய்த் திரும்பினார். "தனி வரியா."